பள்ளி லீக்கின் நடத்தை விதிகள்: எந்த வரி மைதானத்தில் செல்லும்?

பள்ளிகளுக்கு இடையே லீக் நடத்துகிறவர்கள் அட்டவணையை மிகுந்த கவனத்தோடு போடுகிறார்கள். யாருக்கு எந்த மைதானம், எந்தச் சனிக்கிழமை, டிரா ஆனால் எத்தனை புள்ளி என்பதெல்லாம் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருக்கும். அதே தாளின் கடைசிப் பக்கத்தில் நடத்தை விதிகள் என்று ஐந்தாறு வரிகள். வீரர்கள் விளையாட்டு உணர்வோடு நடந்துகொள்ள வேண்டும், பார்வையாளர்கள் கண்ணியம் காக்க வேண்டும், மீறுவோர் மீது தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும். பெனால்டி கொடுத்த நடுவரின் சட்டையை ஒரு மாணவனின் மாமா பிடிக்கிற நாளில் இந்த வரிகள் எதற்கும் உதவாது. எது கண்ணியக் குறைவு, அதை யார் முடிவு செய்வது, தகுந்த நடவடிக்கை என்றால் என்ன, எத்தனை நாளுக்குள் என்று கேட்டால் தாளில் பதில் இருக்காது. அன்றைக்கு மைதானத்தில் யார் சத்தம் பெரிதோ அவர் சொன்னதே விதியாகிவிடும்.

செல்லுபடியாகிற விதி நான்கு கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் வைத்திருக்கும். கண்ணால் பார்க்கக்கூடிய, காதால் கேட்கக்கூடிய செயல் எது? அதைப் பதிவு செய்கிறவர் யார்? லீக்கின் கைக்கு எட்டுகிற எந்த மனிதர் அதற்குப் பொறுப்பு? எந்த நேரத்துக்குள் என்ன நடக்கும்? இந்த நான்கில் ஒன்று விடுபட்டாலும் அந்த வரி வெறும் அறிவுரை. ‘நடுவரை மதிக்க வேண்டும்’ என்பதை இப்படி மாற்றி எழுதிப் பாருங்கள்: ‘நடுவரின் முடிவைப் பற்றி அவரிடம் பேசும் உரிமை அணித்தலைவருக்கு மட்டுமே உண்டு. வேறு வீரர் நடுவரை நெருங்கி எதிர்ப்புத் தெரிவித்தால் மஞ்சள் அட்டை.’ மதிப்பு என்பது மனத்துக்குள் இருப்பது. யார் நடுவரை நோக்கி நடந்து வந்தார் என்பதோ எல்லாருக்கும் தெரிகிற செயல்.

தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத்தில் எட்டுப் பள்ளிகள் சேர்ந்து நடத்தும் கால்பந்து லீக்கை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். ஒவ்வொரு அணிக்கும் ஏழு ஆட்டம். முப்பது முப்பது நிமிடமாக இரண்டு பாதிகள். பாதி மைதானங்கள் பள்ளி வளாகத்துக்குள், மீதி நகராட்சிக்குச் சொந்தமானவை. நடுவர்களில் சிலர் லீக்கில் ஆடும் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களே. பெரும்பாலான இடங்களில் நிலைமை ஏறத்தாழ இதுதான்.

வீரர்களுக்கான விதி

வீரர்கள் விஷயத்தில் லீக் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது குறைவு. கால்பந்தின் சர்வதேச ஆட்ட விதிகளில் 12ஆம் விதி முரட்டு ஆட்டம், வசைச்சொல், எதிர்ப்பு எல்லாவற்றையும் வகைப்படுத்தியிருக்கிறது. 2019 முதல் பயிற்சியாளருக்கும் அட்டை காட்டலாம். லீக் தீர்மானிக்க வேண்டியது அட்டைக்குப் பிறகு நடப்பதைத்தான். அந்த இடத்தில்தான் பெரியவர்களின் லீக்கைப் பார்த்து எழுதிய விதிகள் பள்ளியில் பொருந்தாமல் போகின்றன.

ஐந்து மஞ்சள் அட்டை சேர்ந்தால் ஓர் ஆட்டத் தடை என்று எழுதினால், ஏழு ஆட்ட லீக்கில் அந்தத் தடையை ஏறக்குறைய யாருமே சந்திக்க மாட்டார்கள். மூன்று ஆட்டத் தடை என்று எழுதினால் ஒரு பையனின் பருவத்தில் பாதி போய்விடும். அந்தக் கடுமையை நினைத்தே நடுவர் சிவப்பு அட்டையை எடுக்கத் தயங்குவார். தண்டனை எவ்வளவு பெரியதோ, அது நடைமுறைக்கு வருவது அவ்வளவு அரிது. ஆகவே ஏழு ஆட்டத்துக்கு இரண்டு மஞ்சள் சேர்ந்தால் ஓர் ஆட்டம், நேரடிச் சிவப்புக்கு ஓர் ஆட்டம் தானாகவே, அதற்கு மேல் வேண்டுமானால் விசாரணை என்பதே சரியான அளவு.

அதைவிட நல்ல கருவி, அதே ஆட்டத்துக்குள் விளைவைக் காட்டுவது. இளையோர், அடித்தளக் கால்பந்துக்குத் தற்காலிக வெளியேற்றத்தை ஆட்ட விதிகள் 2017 முதல் அனுமதிக்கின்றன. வெளியே உட்கார வேண்டிய நேரம் மொத்த ஆட்ட நேரத்தில் 10 முதல் 15 சதவீதம். நம் 60 நிமிட ஆட்டத்தில் அது 6 முதல் 9 நிமிடம். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 31 லீக்குகளில் இதைச் சோதித்துப் பார்த்தபோது நடுவரோடு வாக்குவாதம் செய்வது 38 சதவீதம் குறைந்ததாக அறிவித்தது. அதன் பிறகு 2019-20 பருவத்திலிருந்து அடித்தளக் கால்பந்தில் நடைமுறைப்படுத்தியது. கிரிக்கெட்டிலும் இதே எண்ணம்தான். எம்சிசி 2017இல் சேர்த்த 42ஆம் விதி, வீரர்களின் நடத்தையை நான்கு நிலைகளாகப் பிரித்து, எச்சரிக்கையிலும் எதிரணிக்கு 5 ஓட்டம் கொடுப்பதிலும் தொடங்கி, மூன்றாம் நிலையில் இன்னிங்ஸின் ஐந்தில் ஒரு பங்கு ஓவர்களுக்கும் நான்காம் நிலையில் ஆட்டம் முழுவதற்கும் வீரரை வெளியேற்றுகிறது. 20 ஓவர் ஆட்டமென்றால் மூன்றாம் நிலைக்கு நான்கு ஓவர் வெளியே. பதினைந்து வயதுப் பையனுக்கு அடுத்த வாரத் தடையைவிட, பத்துப் பேரோடு தவிக்கும் தன் அணியைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து எட்டு நிமிடம் பார்ப்பதே உறைக்கும். இந்த முறைக்கு மாவட்டக் கால்பந்துச் சங்கத்தின் வழியாக முன்னரே ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஆட்டத்திலேயே யாராவது எதிர்த்துக் கேட்பார்கள்.

தடையை எங்கே அனுபவிக்க வேண்டும் என்று எழுதாமல் விட்டால் ஓட்டை உண்டாகும். சனிக்கிழமை லீக் ஆட்டம் இருக்க, புதன்கிழமை பக்கத்துப் பள்ளியோடு ஒரு நட்பு ஆட்டம் வைத்து, தடை முடிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். ‘இந்த லீக்கில் உண்மையாக ஆடி முடிக்கப்பட்ட அடுத்த ஆட்டம்’ என்று எழுதினால் அது அடைபடும். எதிரணி வராமல் வாக்ஓவர் கிடைத்த ஆட்டமும் கணக்கில் வராது. பிளஸ் டூ மாணவனுக்குக் கடைசி ஆட்டத்தில் கிடைத்த தடையை அடுத்த ஆண்டுக்குத் தள்ள முடியாது. அவன் பள்ளியை விட்டே போயிருப்பான். அப்படிப்பட்டவருக்குத் தனிப் பரிசுகளும் பங்கேற்புச் சான்றிதழும் நிறுத்திவைக்கப்படும் என்று எழுதலாம்.

எழுதவே கூடாத தண்டனைகளும் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவு உடல் ரீதியான தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. 16ஆம் பிரிவு தொடக்கக் கல்வி முடியும்வரை குழந்தையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. ‘பத்து ரவுண்டு ஓடு’, மைதானத்தில் முட்டி போடு, எல்லார் முன்னும் காலில் விழு என்பவை நம் விளையாட்டுத் திடல்களில் இன்னும் பழக்கத்தில் இருக்கின்றன. இவற்றை நடத்தை விதியின் பெயரில் செய்யும் லீக் தானே சட்டத்தை மீறுகிறது. மாணவரிடம் அபராதம் வாங்குவதும் வேண்டாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது ஒன்றுமே இல்லை, கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுக்கு அது ஒரு நாள் சம்பளம்.

வீரர்களுக்கான பகுதியில் ஒன்றை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி அடையாளமாகும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் அணியக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. ‘சாதி அடையாளம் கூடாது’ என்று லீக் எழுதினால், இது கோயில் கயிறு, இது நண்பன் கட்டியது என்ற வாதம் தொடங்கிவிடும். மைதானத்தில் அந்த வாதத்துக்கே இடமில்லை. ஆட்டத்தின் 4ஆம் விதிப்படி மோதிரம், கைப்பட்டை, கழுத்துச் சங்கிலி, தோல்பட்டை, ரப்பர் பட்டை எல்லாமே அணிகலன். அத்தனையையும் கழற்ற வேண்டும், டேப் ஒட்டி மறைக்கவும் கூடாது. எனவே லீக் விதி இவ்வளவு சொன்னால் போதும்: ‘ஆட்டத்துக்கு முன் நடுவர் ஒவ்வொரு வீரரின் இரண்டு மணிக்கட்டையும் பார்ப்பார். எந்தக் கயிறு, எந்தப் பட்டை இருந்தாலும் கழற்றும்வரை அந்த வீரர் களம் இறங்க முடியாது.’ பொருளைப் பற்றிய கேள்வி இல்லை, யார் கை என்ற பாகுபாடும் இல்லை. எனக்குத் தெரிந்து நம் ஊர் லீக்குகளுக்கு இதைவிட எளிதாக நிறைவேற்றக்கூடிய விதி வேறில்லை. சாதியைச் சொல்லித் திட்டுவது இன்னொரு வகை. அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம் என்பதால், விசாரணைக் குழு சமரசம் பேசி முடிக்கக் கூடாது, தலைமையாசிரியருக்கு எழுத்தில் தெரிவித்தே ஆக வேண்டும் என்று விதியிலேயே இருக்கட்டும்.

பார்வையாளர்

இனிதான் கடினமான பகுதி. வீரர் லீக்கில் பதிவு செய்தவர், பள்ளி நுழைவுப் படிவத்தில் கையெழுத்திட்டது. வேலிக்கு வெளியே நிற்கிற தந்தையோடு லீக்குக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள மாணவரின் கையெழுத்துக்கே ஒப்பந்தச் சட்டப்படி வலு கிடையாது. நடுவராலும் பார்வையாளருக்கு அட்டை காட்ட முடியாது. ஆட்ட விதிகள் அவருக்குத் தரும் ஒரே அதிகாரம், வெளித் தலையீடு நேர்ந்தால் ஆட்டத்தை நிறுத்துவது, இடைநிறுத்துவது, கைவிடுவது. பள்ளி வளாகம் என்றால் தலைமையாசிரியர் ஒருவரை வெளியே போகச் சொல்லலாம். நகராட்சி மைதானத்தில் அதுவும் முடியாது.

ஆகவே பார்வையாளர் விதியைப் பார்வையாளரை நோக்கி எழுதினால் அது காகிதத்திலேயே நின்றுவிடும். பள்ளியின் கடமையாக எழுத வேண்டும். சர்வதேசக் கால்பந்தில் பார்வையாளர் செயலுக்குச் சங்கம் தன் தவறு இல்லாவிட்டாலும் பொறுப்பாகிறது. அதை அப்படியே பள்ளிக்குக் கொண்டுவந்து, யாரோ ஒரு மாமா கத்தியதற்குப் பதினோரு பிள்ளைகளின் புள்ளியைப் பறிப்பது நியாயமாகாது என்பது என் உறுதியான கருத்து. அதே ஆட்ட விதிகளில் இன்னொரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அணி உட்காரும் பகுதியிலிருந்து ஒரு குற்றம் நடந்து, செய்தவர் யாரென்று தெரியாவிட்டால், அங்கிருக்கும் மூத்த பயிற்சியாளர் அந்த அட்டையை ஏற்க வேண்டும். பெயர் சொல்லக்கூடிய ஒருவர் எப்போதும் பொறுப்பில் இருக்கிறார். பார்வையாளர் பக்கத்துக்கும் அப்படி ஒருவர் தேவை.

அவரைத் திடல் பொறுப்பாளர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பள்ளியும் அணிப் பட்டியலில் அவர் பெயரையும் அலைபேசி எண்ணையும் எழுதித் தரும். ஆட்டம் முழுக்க அடையாள மேலங்கி அணிந்து தன் பள்ளி ஆட்களின் பக்கம் நிற்பார். அணியின் பயிற்சியாளர் இந்த வேலையைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது, அவர் கண் ஆட்டத்தில்தான் இருக்கும். பல அரசுப் பள்ளிகளில் ஒரே ஒரு உடற்கல்வி ஆசிரியர்தான். அங்கே வேறு பாட ஆசிரியரோ, பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோரோ இந்தப் பொறுப்பை ஏற்கலாம். பெற்றோர் ஒருவர் ‘அண்ணே, கொஞ்சம் பின்னாடி வாங்க’ என்றால் ஆசிரியர் சொல்வதைவிடச் சீக்கிரம் வேலை நடக்கும். பொறுப்பாளர் இல்லையென்றால் ஆட்டம் தொடங்காது. பதினைந்து நிமிடம் காத்திருந்து வாக்ஓவர். இது கேட்கக் கடுமையாகத் தெரியும். ஆனால் யாரும் கோபப்படுவதற்கு முன், அமைதியான நேரத்தில் சரிபார்க்கக்கூடிய விதி என்பதால் இதைத் தளர்த்தவே கூடாது.

அடுத்தது கயிறு. எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி ஒரு பக்கம் முழுக்கக் கயிறு கட்டி, பார்வையாளர் அதற்குப் பின்னால் மட்டும் நிற்க வேண்டும். துணை நடுவர் ஓடுவதற்கு அந்த இடம் வேண்டும். இரண்டு கோல் கம்பங்களுக்குப் பின்னாலும் ஒருவரும் கூடாது. கோல்கீப்பரின் காதுக்கருகே நின்று திட்டுவதற்குத்தான் அந்த இடம் பெரும்பாலும் பயன்படுகிறது. கயிறு இருந்தால் ‘ஒழுங்கீனம்’ என்று விவாதிக்க வேண்டியதில்லை. கயிற்றைத் தாண்டினாரா, இல்லையா? அவ்வளவுதான்.

எதைத் தடுக்கக் கூடாது என்பதும் இங்கே முக்கியம். சத்தம் போடக் கூடாது, நடுவரின் முடிவை விமர்சிக்கக் கூடாது என்றெல்லாம் எழுதினால் முதல் பத்து நிமிடத்திலேயே நூறு பேர் மீறுவார்கள். அதைக் கண்டுகொள்ளாமல் விடுகிற லீக்கின் மற்ற விதிகளையும் யாரும் மதிக்க மாட்டார்கள். மேளம் இருக்கட்டும், ‘ஆஃப்சைடு சார்!’ என்ற கத்தலும் இருக்கட்டும். விசில் மட்டும் வேண்டவே வேண்டாம். கூட்டத்திலிருந்து வரும் விசிலைக் கேட்டு ஒரு தடுப்பாட்டக்காரன் பந்தைக் கையில் எடுத்துவிட்டால், நடுவர் ஆட்டத்தை நிறுத்தி டிராப் பால் கொடுக்க வேண்டியிருக்கும். சொற்களில், சாதி, மதம், தாய், சகோதரி, நிறம், உடல், பாலினம் ஆகியவற்றை வைத்து வீரரையோ நடுவரையோ இழிவுபடுத்துவது என்று பெயர் சொல்லியே எழுத வேண்டும். ‘ஆபாசப் பேச்சு’ என்று பொதுவாக விட்டால் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வோர் அர்த்தம்.

52ஆவது நிமிடம்

விதி தாங்குமா என்று பார்க்க ஒரு கற்பனை ஆட்டத்தை முழுவதும் ஓட்டிப் பார்க்கலாம். உள்ளூர்ப் பள்ளி 1-2 என்று பின்தங்கியிருக்கிறது. 52ஆவது நிமிடத்தில் வந்த அணிக்கு ஒரு பெனால்டி. உள்ளூர்ப் பார்வையாளர் நான்கைந்து பேர் கயிற்றைத் தாண்டி உள்ளே வருகிறார்கள்.

முதல் படி: நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, நேரத்தைக் குறித்து, உள்ளூர்ப் பள்ளியின் பொறுப்பாளரை அழைக்கிறார். அவர்களைக் கயிற்றுக்குப் பின்னால் கொண்டுபோக அவருக்கு ஐந்து நிமிடம். நடுவர் கூட்டத்தோடு ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. முடிந்தால் பெனால்டியோடு ஆட்டம் தொடரும். மறுபடி நுழைந்தால் இரண்டாம் படியாக இரு அணிகளும் பத்து நிமிடம் களத்தை விட்டு வெளியேறும். மூன்றாம் முறை ஆட்டம் கைவிடப்படும். நடுவர் மீதோ வீரர் மீதோ கை வைத்தால் படிகள் எதுவும் கிடையாது, அப்போதே முடிந்தது.

கைவிட்ட பிறகு என்ன? இந்த இடத்தில்தான் பல லீக்குகள் மாட்டிக்கொள்கின்றன. கைவிடப்பட்ட ஆட்டத்தை மறுபடி ஆட வேண்டும் என்பதே 7ஆம் விதியின் பொது நிலை. போட்டி அமைப்பாளர் வேறு விதமாக எழுதியிருந்தால் மட்டுமே விலக்கு. லீக் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால், தோற்றுக்கொண்டிருந்த பள்ளியின் ஆட்கள் உள்ளே புகுந்ததற்குப் பரிசாக அந்தப் பள்ளிக்கு 0-0 இலிருந்து இன்னொரு ஆட்டம் கிடைத்துவிடும். பிள்ளைகளின் புள்ளியில் கை வைக்கக் கூடாது என்று மேலே சொன்னதற்கு நான் ஒப்புக்கொள்ளும் ஒரே விலக்கு இதுதான். யாருடைய ஆட்களால் ஆட்டம் நின்றதோ அந்தப் பள்ளிக்கு 0-3 தோல்வி. அப்போதைய கோல் வித்தியாசம் எதிரணிக்கு அதைவிடச் சாதகமாக இருந்தால் அதுவே முடிவு. இரு தரப்பும் புகுந்து மோதினால் இருவருக்கும் புள்ளி இல்லை. எந்தப் பள்ளிக்கும் தொடர்பில்லாத தெருப் பையன்கள் என்றால், வேறு நாளில் அதே 52ஆவது நிமிடத்திலிருந்து, அதே கோல் கணக்கு, அதே அட்டைகள், அதே பெனால்டியோடு தொடர வேண்டும்.

ஆட்டம் முடியும்வரை நடந்து, நடுவில் அத்துமீறல் மட்டும் இருந்தால் புள்ளியைத் தொடவே கூடாது. பொறுப்பாளர் 24 மணி நேரத்துக்குள் ஆளின் பெயரைத் தந்தால், அந்த ஆளுக்கு மட்டும் பருவம் முடியும்வரை தடை. அவர் மறுபடி வந்தால் அவரைப் போகச் சொல்லும்வரை ஆட்டம் தொடங்காது. பெயர் தராவிட்டால் அந்தப் பள்ளியின் அடுத்த உள்ளூர் ஆட்டம், பார்வையாளர் உள்ளே வருவதைத் தடுக்கக்கூடிய பள்ளி வளாகம் ஒன்றில், பார்வையாளர் இல்லாமல். பெயர் சொல்வது பள்ளிக்கு லாபமாக இருந்தால்தான் பெயர் வெளியே வரும். பெற்றோர் இதையெல்லாம் படித்துக் கையெழுத்திட வேண்டிய இடம் வீரர் பதிவுப் படிவம். அந்தக் கையெழுத்து இல்லாமல் பதிவு இல்லை.

அறிக்கை, விசாரணை

இத்தனையும் நடுவர் எழுதும் ஒரு பக்க அறிக்கையை நம்பி நிற்கின்றன. ‘பார்வையாளர் தரக்குறைவாக நடந்துகொண்டார்’ என்று எழுதினால் விசாரணையில் அது ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. எத்தனையாவது நிமிடம், எந்தப் பக்கத்துக் கயிறு, என்ன சட்டை, சொன்ன சொற்கள் அப்படியே, யார் காதில் விழுந்தது என்று எழுத வேண்டும். சொல் கூசினாலும் அதை அப்படியே எழுதச் சொல்லி நடுவர்களைப் பழக்க வேண்டும். நாகரிகம் கருதி மாற்றி எழுதிய சொல்லை மறுப்பது எளிது. வாட்ஸ்அப்பில் வரும் காணொளியை ஆளை அடையாளம் காண மட்டும் ஏற்கலாம், கோலா, ஆஃப்சைடா என்று திரும்பப் பார்ப்பதற்கு ஏற்கக் கூடாது.

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குள் அறிக்கை, ஞாயிறு இரவுக்குள் பள்ளியின் எழுத்துப் பதில், செவ்வாய் மாலை விசாரணை, புதன் முடிவு என்று கிழமையோடு எழுதுங்கள். ‘விரைவில்’ என்ற சொல் இருந்தால் அடுத்த ஆட்டம் வந்துவிடும், தடைபட வேண்டியவன் ஆடிவிடுவான். குழுவில் மூவர். சம்பந்தப்பட்ட இரண்டு பள்ளிகளிலிருந்தும் ஒருவரும் கூடாது, நடுவராக இருந்தவரின் பள்ளியிலிருந்தும் கூடாது. ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருந்தால் நல்லது. மாணவர் தன் பெற்றோரோடோ ஆசிரியரோடோ வந்து பேச வாய்ப்புக் கொடுக்காமல், தானாக வரும் ஓர் ஆட்டத் தடைக்கு மேல் ஒரு நாள்கூடச் சேர்க்கக் கூடாது. மேல்முறையீடு ஒரு முறை மட்டும், 24 மணி நேரத்துக்குள்.

முழு விதியும் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும். எட்டுப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களும் அட்டவணை போடுவதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து, அந்த 52ஆவது நிமிடத்தைத் தங்கள் மைதானத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் ‘அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொல்கிறாரோ, அந்த இடத்தை எழுதி முடிக்காமல் முதல் ஆட்டத்துக்குத் தேதி குறிக்காதீர்கள்.